கரண்ட்டக்கா கேட்ட நரம்புச் சத்தம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் முதல் சனிக்கிழமையே, எல்லோரும் எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சொன்னபோது, "ஆஸ்பத்திரியில என்னைக் கரண்ட்டக்கான்னு கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து எங்கள் பேராசிரியை உட்பட எல்லோருக்கும் அவர் கரண்ட்டக்காதான்.

பதினாறு வருடம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், மூன்றாம் மாடியில், நரம்பின் வேலையைக் கணினியில் செய்து பார்க்கும் கணிப்பீட்டு நரம்பியல் என்ற பாடத்தை வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமை காலைகளில் நடத்தினார்கள். பதினொரு வாரம். நீளமான அறை, இரண்டு பேருக்கு ஒரு கணினி. ஜன்னலோரத்து மேசைகளில் பத்து மணிக்கு மேல் வெயில் விழுந்து திரை தெரியாது. அதனால் முன்னால் வந்தவர்கள் எல்லாம் சுவரோரம் பிடித்துக்கொள்வார்கள். நான் எப்போதும் தாமதம். கரண்ட்டக்கா ஆஸ்பத்திரியில் காலை வேலையை முடித்துவிட்டு வருவார், அவரும் தாமதம். அப்படித்தான் வெயில் விழும் மேசை எங்கள் இருவருக்கும் வாய்த்தது.

நான் அப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். வயது முப்பத்தெட்டு. மூளையைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசையில் சேர்ந்தவன். பைத்தான் என்ற நிரல்மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நரம்பு என்றால் என்ன என்று கேட்டால் கழுத்தைத் தொட்டுக் காட்டியிருப்பேன்.

அவருக்கு நாற்பத்தாறு. நேர் எதிர். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பதினான்காம் எண் அறையில், பத்தொன்பது வருடமாக நரம்புப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன். கையில் லேசாக மின்சாரம் வைத்து நரம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பது அவர் வேலை. பெயர் அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு டாக்டர் வந்து தசைக்குள் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகுவார். தசையின் மின்துடிப்பு ஒலிபெருக்கியில் டக், டக் என்று கேட்கும். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தைப் பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

நான் ஒருமுறை அந்த அறைக்குப் போயிருக்கிறேன். ஒரு கட்டில், சக்கரம் வைத்த இயந்திரம், ஸ்பிரிட் வாசனை, மேசையில் ஒரு பிளாஸ்க், பிளாஸ்டிக் தொட்டி. பிளாஸ்க்கில் இருப்பது டீ என்று நினைத்தேன்.

"டீ இல்ல தம்பி, வெந்நீர். வர்றவங்க பயத்துல கை சில்லுன்னு வருவாங்க. கை சில்லுன்னு இருந்தா நரம்பு மெதுவா ஓடும். நோய் இருக்குன்னு தப்பா எழுதிடுவோம். கையை முதல்ல சூடு பண்ணணும். பயமும் கொஞ்சம் இறங்கும்."

எதற்காக இந்தப் பாடத்தில் சேர்ந்தார் என்று இரண்டாம் வாரம் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல பத்தொன்பது வருஷமா யாரோ பேசுற சத்தம் கேக்குதுன்னு வையுங்க. சிரிக்கிறாங்களா, சண்டை போடுறாங்களான்னு தெரியும். என்ன பேசுறாங்கன்னு தெரியாது. ஒரு நாளாவது கதவைத் தட்டிப் பார்க்க வேணாமா?"

பள்ளியில் அவருக்கு இயற்பியல் மீது உயிர். அப்பா திடீரென்று போய்விட, சீக்கிரம் வேலை கிடைக்கும் படிப்பாகப் பார்த்து இரண்டு வருட டிப்ளமோ முடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் வழித்தடம் சொல்வதுபோல் சொன்னார். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர்தான். "சனிக்கிழமை ஆனா போதும், நரம்புக்குத் தண்ணி ஊத்தக் கிளம்பிடுறா" என்று மனிதர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம். சொல்லிவிட்டு, சமையலை அவரே பார்த்துக்கொள்வாராம்.

தண்ணீர் ஊற்றுவது என்று அவர் சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான். நரம்பணுவின் கணினி மாதிரியைப் பேராசிரியை எங்களுக்கு விளக்கியதே அப்படித்தான்.

"அடியில சின்ன ஓட்டை இருக்குற வாளி ஒண்ணு. மேல குழாயில தண்ணி விழுது, கீழ கசியுது. தண்ணி ஒரு கோட்டைத் தொட்டதும் வாளியைக் கவுத்திடுறோம். கவுத்த நேரத்தை எழுதி வெச்சுக்கிறோம். மறுபடி முதல்லேருந்து. அவ்வளவுதான். வாளித் தண்ணி நரம்பணுவோட மின்னழுத்தம். கோடுதான் வாசல். கவுக்குறது ஒரு ஸ்பைக். கவுத்த வாளியை நிமிர்த்த ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் ஆகும், அந்த நேரத்துல எவ்வளவு தண்ணி விட்டாலும் பிரயோஜனம் இல்ல."

இன்டகிரேட் அண்ட் ஃபயர் என்று இதற்குப் பெயர். சேர்த்து வைப்பது, பிறகு சுடுவது. கணினியில் நேரத்தை, நடக்கும்போது எட்டு வைப்பதுபோல், சின்னச் சின்ன எட்டுகளாக வெட்டிக்கொள்வோம். ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் கசிவைக் கழித்து, வந்த மின்னோட்டத்தைக் கூட்டி, வாசலைத் தாண்டியதா என்று பார்ப்போம். பைத்தானில் பதினைந்து வரி.

கரண்ட்டக்காவுக்கு அந்தப் பதினைந்து வரி எழுத மூன்று வாரம் ஆனது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பயிற்சி செய்வார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பின்னால் நின்று, "அம்மா, கோலன் விட்டுட்ட. அம்மா, தள்ளி எழுதணும்மா" என்று வாத்தியார் வேலை பார்ப்பாளாம். "நான் பெத்தது எனக்கே மார்க் போடுது" என்பார்.

முதல்முறை தானாக எழுதி ஓட்டிய அன்று என்னைத் தோளில் தட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க பாருங்க. ஒரு செகண்டுக்குத் தொள்ளாயிரம் தடவைக்கு மேல சுடுது. ஜன்னி கண்டிருச்சு போல."

பார்த்தேன். சுட்ட பிறகு மின்னழுத்தத்தைக் கீழே இறக்கும் வரியை எழுதவே இல்லை. வாசலைத் தாண்டிய தண்ணீர் அங்கேயே நின்றது. ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் ஒரு ஸ்பைக் என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது.

"வாளியைக் கவுக்க மறந்துட்டீங்க, அக்கா."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் முன் வரிசை திரும்பிப் பார்த்தது.

ஐந்தாம் வாரம் அவர் ஒன்று கேட்டார். எல்லோரும் ஸ்பைக்குகளைப் படமாக, சின்னச் சின்னக் கோடுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இதைக் கேக்க முடியாதா? எனக்குக் கோடு பழக்கமில்ல, சத்தம்தான் பழக்கம்."

முடியாதா என்ன? ஸ்பைக் விழுந்த ஒவ்வொரு நேரத்திலும் ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம் வைத்து, ஒலிக்கோப்பாக மாற்றும் வரிகளை எழுதிக் கொடுத்தேன். காதில் மாட்டும் கருவியை ஆளுக்கு ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு கேட்டோம்.

முதலில், மாறாத மின்னோட்டம் கொடுத்த நரம்பணு. டக், டக், டக், டக்.

"இது கடிகாரம். ஆள் இல்ல" என்றார்.

அடுத்தது முதல் வாரத்தில் செய்தது. மாதிரி எதுவும் இல்லாமல், ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் காசு சுண்டிப் பார்ப்பதுபோல் உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் வரிசை. டக்டக், ட... டக், டக்டக்டக்.

"இது சோளம் பொரியுது."

"அப்ப எதுதான் நரம்பு?"

"ரெண்டுக்கும் நடுவுல. ஒரு நடை இருக்கும். ஆனா நடக்குறது மனுஷன்னு தெரியும்."

அந்த நடுவைக் கொண்டுவருவதுதான் எங்கள் இறுதி வேலையாக அமைந்தது. உண்மையான பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே மாதிரித் துடிப்பு வரிசையைத் தரும் நரம்பணுவைப் பைத்தானில் செய்ய வேண்டும். மற்றவர்களுக்குப் பேராசிரியை பதிவு கொடுத்தார். கரண்ட்டக்கா தன்னுடையதையே கொண்டுவந்தார். சில வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் புது இயந்திரம் வந்தபோது, சோதித்துப் பார்க்க யார் கையும் கிடைக்காமல், டாக்டர் இவர் கையிலேயே ஊசி செருகியிருக்கிறார். ஆட்காட்டி விரலை லேசாக அழுத்தச் சொல்லி, அந்தத் தசையை இயக்கும் ஒரே ஒரு நரம்பணு சுடுவதை நாற்பது செகண்ட் பதிவு செய்திருந்தார்கள். கிட்டத்தட்ட நானூறு துடிப்புகள். செகண்டுக்குப் பத்து.

அவர் அதை ஓடவிட்டபோது நான் அவர் கையையே பார்த்தேன். சோப்பு போட்டுப் போட்டு வெளுத்த விரல்கள். அந்த விரலை அழுத்திய நரம்பணு ஒன்று காதில் நடந்துகொண்டிருந்தது.

ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிகளை எடுத்து, சராசரியோடு ஒப்பிட்டால் அவை எவ்வளவு சிதறுகின்றன என்று ஓர் எண் கிடைக்கும். கடிகாரம் என்றால் பூஜ்யம். காசு சுண்டினால் கிட்டத்தட்ட ஒன்று. அக்காவின் கைக்கு 0.16 வந்தது. "நடுவுல" என்று அவர் சொன்னது எண்ணாகவே வந்து நின்றது.

மாதிரியில் அந்தச் சிதறல் வர, மின்னோட்டத்தில் கொஞ்சம் இரைச்சல் சேர்க்க வேண்டும். அதற்கான வரிகளைப் பேராசிரியை, தான் கொடுத்த நிரலிலேயே எழுதியிருந்தார். ஓர் எட்டு ஒரு மில்லிசெகண்ட். இரைச்சலின் அளவை ஏற்றி இறக்கி, செகண்டுக்குப் பத்து, சிதறல் 0.17 என்று கொண்டுவந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகத்தில் ஏதோ இளகியது.

"கை இது. ஆள் உயிரோட இருக்கு."

அடுத்த சனிக்கிழமை நான் சீக்கிரமே போய், ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு எட்டின் அளவைக் குறைத்தேன். ஓர் எட்டின் நீளம் ஒரு மில்லிசெகண்டாக இருந்தால் ஸ்பைக் எல்லாம் முழு மில்லிசெகண்டில்தான் விழும். பத்தில் ஒரு பங்காக்கினால் நுணுக்கமாக இருக்கும் என்று பாடக்குறிப்பிலேயே இருந்தது. சுடும் வேகம் கொஞ்சம் இறங்கியது. மின்னோட்டத்தை ஒரு துளி ஏற்றி, மறுபடி செகண்டுக்குப் பத்துக்குக் கொண்டுவந்தேன். படம் பார்க்க அழகாக இருந்தது.

அக்கா வந்து, பையை நாற்காலியில் மாட்டி, காதில் வைத்துக் கேட்டார். பத்து செகண்ட்கூட ஆகவில்லை.

"என்ன பண்ணீங்க இவனை?"

"ஒண்ணும் பண்ணலக்கா. எட்டைச் சின்னதாக்கினேன். இன்னும் துல்லியமா இருக்கும்."

"இவன் செத்துட்டான், தம்பி."

"சராசரி அதேதான். பாருங்க, பத்து."

"சராசரி இருக்கட்டும். நடை போயிடுச்சு. மறுபடி கடிகாரத்துக்கிட்ட வந்துட்டான்."

எனக்கு எரிச்சல். கணினி வேலையில் பதினைந்து வருட அனுபவம் எனக்கு. கோலன் விட்டுவிட்டு மகளிடம் திட்டு வாங்குகிறவர் எனக்குச் சொல்கிறாரே என்று. அவர் வாயை அடைக்கவே சிதறலைக் கணக்கிட்டேன்.

0.05.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குத்திக் காட்டவில்லை. அதுதான் அவருடைய நல்ல குணம்.

பேராசிரியையைக் கூப்பிட்டோம். ஒல்லியான, வேகமாகப் பேசும் பெண்மணி. எங்களில் எனக்குத்தான் அவரோடு வயது நெருக்கம். திரையைப் பார்த்து, "சராசரி சரியா வந்திருக்கே. இரைச்சலைக் கொஞ்சம் ஏத்துங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றார் அக்கா. குரல் தணிவாக இருந்தது, ஆனால் விடவில்லை. "இரைச்சலை நாங்க தொடவே இல்ல. எட்டைத்தான் மாத்தினோம். அது நம்ம வசதிக்கு நாம வெட்டிக்கிறது இல்லையா? நாம எத்தனை எட்டா வெட்டுறோம்னு நரம்புக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியை நின்றார்.

"தம்பி, எட்டை இன்னும் பாதியாக்கி ஓட்டுங்க" என்றார் அக்கா. ஓட்டினேன். சிதறல் இன்னும் குறைந்தது. பெரிதாக்கினேன். கூடியது. நாற்காலியைச் சுற்றி நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஜன்னல் வெயிலை யாரோ ஒரு நோட்டால் மறைத்துப் பிடித்தார்கள்.

பேராசிரியை குனிந்து, தான் கொடுத்த நிரலின் அந்த ஒரு வரியை விரலால் தொட்டுக்கொண்டே படித்தார். பிறகு கரும்பலகைக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு வரி எழுதிப் பார்த்தார். திரும்பியபோது காது சிவந்திருந்தது.

"தப்பு என்னுது" என்றார். "இரைச்சலையும் மின்னோட்டத்தையும் ஒரே அடைப்புக்குள்ள போட்டு எட்டோட நீளத்தால பெருக்கியிருக்கேன். மின்னோட்டத்துக்கு அது சரி. இரைச்சலுக்கு இல்ல."

ஏன் என்று விளக்கினார். மின்னோட்டம் எப்போதும் ஒரே பக்கம் தள்ளும். பத்துத் தள்ளல் என்றால் பத்து மடங்கு தூரம். இரைச்சல் முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு தள்ளு. ஒன்றை ஒன்று பாதி அழித்துக்கொள்ளும். பத்துத் தள்ளலில் சேர்வது பத்தின் வர்க்கமூலம், மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆகவே எட்டைப் பத்தில் ஒன்றாக வெட்டும்போது இரைச்சலைப் பத்தில் ஒன்றாக்கக் கூடாது, வர்க்கமூலத்தின் அளவுக்குத்தான் குறைக்க வேண்டும். பத்தில் ஒன்றாக்கியதால் மொத்த ஆட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. எட்டு ஒரே அளவில் இருந்தவரை இது வெளியே தெரியாது. இரைச்சலின் அளவை ஏற்றி இறக்கி ஒப்பேற்றிவிடலாம்.

"நாலு வருஷமா இதே நிரலைக் கொடுத்துட்டு இருக்கேன்" என்றார், சாக்பீஸை வைத்துவிட்டு. "நாலு வருஷமா யாரும் கேக்கல."

கேட்கவில்லை என்று அவர் சொன்னது கேள்வியையா, காதால் கேட்பதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் உண்மைதான்.

வரியைத் திருத்தினேன். எட்டின் நீளத்துக்குப் பதில் அதன் வர்க்கமூலம். மின்னோட்டத்தையும் இரைச்சலின் அளவையும் மறுபடி ஒருமுறை சரிசெய்து ஓட்டினேன். எட்டு பெரிதானாலும் சிறிதானாலும் சிதறல் 0.16ஐ ஒட்டியே நின்றது. அக்கா காதில் வைத்துக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு கருவியைப் பேராசிரியையிடம் நீட்டினார். ஒரு காதில் அக்காவின் கை, இன்னொரு காதில் நாங்கள் செய்த நரம்பணு. எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். பேராசிரியை மூன்று முறை தவறாகச் சொன்னார். அடுத்துக் கருவியை வாங்கிக் கேட்ட அக்கா ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார்.

"எப்படி?" என்றேன்.

"என் கை கடைசியில களைச்சுப்போகும். உங்க ஆளுக்குக் களைப்பே இல்ல."

அந்த வாரமே பேராசிரியை நான்கு வருடத்துப் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். தவறு என்ன, எந்த வரி, எப்படித் திருத்துவது, கண்டுபிடித்தவர் யார் என்று எழுதியிருந்தார். அக்கா அதை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "ஒண்ணும் புரியல, ஆனா உன் பேரு ரெண்டு தடவை வருது" என்றாராம். மகள் மட்டும் முழுதும் படித்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து மார்க் போடுவதை நிறுத்திவிட்டாள்.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் அவர் முதல் மதிப்பெண் வாங்கியதாக முடிக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. எழுத்துத் தேர்வில் மடக்கையை, அதாவது லாகரிதத்தை, வைத்துச் சுடும் வேகத்துக்கான சூத்திரத்தை வருவிக்கச் சொன்னார்கள். கரண்ட்டக்கா பாதியில் சிக்கி, நான்கு மதிப்பெண்ணில் தவறினார். நான் போய் வருத்தப்பட்டபோது, "விடுங்க தம்பி, இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் மடக்கையைப் பார்த்தா அதுக்கே என்னை அடையாளம் தெரியல" என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறினார். சான்றிதழ் வாங்கும் அன்று அவர் வீட்டுக்காரர் சீருடையோடு வந்து பின்வரிசையில் நின்றிருந்தார். பஸ்ஸை யாரிடம் விட்டுவிட்டு வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

பதவி உயர்வு ஒன்றும் வரவில்லை. பதினான்காம் எண் அறையிலேயே இன்னும் பதினொரு வருடம் இருந்தார். ஆனால் பேராசிரியை ஒவ்வொரு வருடமும் முதல் சனிக்கிழமையில் ஒரு மணி நேரத்தை அவருக்கு ஒதுக்கினார். பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் கிடையாது. விளக்குகளை அணைத்துவிட்டு, ஒலிபெருக்கி வைத்து, கடிகாரம், சோளம், கை என்று வரிசையாக ஓடவிடுவார். நானும் இரண்டு முறை போய்ப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். புதிதாக வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிறிது நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும். அந்த அறையில் முப்பது பேர் மூச்சுவிடும் சத்தமும் ஒரு கையின் சத்தமும் மட்டும் இருக்கும்.

அந்தக் கட்டடத்தை இப்போது இடித்துவிட்டார்கள். பாடம் இணையத்துக்குப் போய்விட்டது. பேராசிரியை வேறு நாட்டில் இருக்கிறார். நான் காப்பீட்டு நிறுவனத்தை விட்டு, நரம்புப் பதிவுகளுக்கு நிரல் எழுதும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு வந்துவிட்டேன். வீட்டில் கேட்டால் சனிக்கிழமைகள் செய்த வேலை என்பார்கள். சில நாள் காலையில், வெயில் திரையில் விழும்போது, பக்கத்து நாற்காலியில் பையை மாட்டும் சத்தம் கேட்பதுபோல் இருக்கும்.

போன மாதம் தொலைபேசியில் பேசினேன். ஓய்வு பெற்று, மகளோடு இருக்கிறார். வீட்டுக்காரரும் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டாராம்.

"என்னக்கா செய்றீங்க இப்ப?"

"நீச்சல் கத்துக்குறேன். அறுபத்திரண்டு வயசுல தொபுக்குன்னு குதிக்கிறேன். இவர் கரையில நின்னு கத்துறார்."

"என்னன்னு கத்துறார்?"

"யாருக்குத் தெரியும்? தண்ணிக்குள்ள போயிட்டா ஒண்ணும் கேக்காது. அவ்வளவு நிம்மதி, தம்பி."